எடுத்த சீட்டா, கொடுத்த சீட்டா?

வித்தைக்காரர் சீட்டுக்கட்டை விசிறிபோல் விரித்து நீட்டுகிறார். "எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். பார்வையாளர் ஒரு கணம் தயங்கி, நடுவிலிருந்து ஒரு சீட்டை உருவுகிறார். அது என்ன சீட்டு என்பது அவர் கைநீட்டும் முன்பே வித்தைக்காரருக்குத் தெரியும். பிறகு அவரைக் கேட்டால், யாரும் தன்னை வற்புறுத்தவில்லை, தானாகத்தான் எடுத்தேன் என்று உறுதியாகச் சொல்வார்.

மேஜிக் தொழிலில் இதற்கு ‘ஃபோர்ஸ்’ என்று பெயர். பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட்-ஹூடின் 1868இல் வெளியிட்ட நூலிலும், இங்கிலாந்தில் ‘புரொஃபசர் ஹாஃப்மன்’ என்ற புனைபெயரில் எழுதியவர் 1876இல் வெளியிட்ட ‘மாடர்ன் மேஜிக்’ நூலிலும் இது விளக்கப்பட்டிருக்கிறது. 1933இல் அமெரிக்கரான தியடோர் அனிமன் 202 ஃபோர்ஸ் முறைகளைத் தொகுத்து ஒரு புத்தகமே போட்டார். ஆகவே இது எப்படிச் செய்யப்படுகிறது என்பது தொழிலுக்குள் பழைய செய்தி. பார்வையாளரின் மனத்துக்குள் அப்போது என்ன நடக்கிறது என்பதில்தான் இன்றுவரை ஒருமித்த விடை இல்லை. அவர் தேர்ந்தெடுத்தாரா? தேர்ந்தெடுக்கும்படி தூண்டப்பட்டாரா? அல்லது எதையுமே தேர்ந்தெடுக்காமல், தேர்ந்தெடுத்ததாக நம்புகிறாரா?

இந்தக் கேள்விக்கு வித்தைக்காரர்கள் ஒரு விடையும் உளவியலாளர்கள் வேறு பல விடைகளும் தந்திருக்கிறார்கள். அவற்றில் முக்கியமானவை எங்கிருந்து வந்தன, எங்கே பலவீனப்படுகின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

கையின் விடை

வித்தைக்காரர்களின் விடை எளிமையானது: எல்லாம் நேரக்கணக்கு. ‘கிளாசிக் ஃபோர்ஸ்’ எனப்படும் முறையை நெருங்கிப் பார்த்தால் அவர்கள் சொல்வதன் பொருள் புரியும்.

எடுக்கவைக்க வேண்டிய சீட்டு கட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவரப்படுகிறது. அது இருக்கும் இடம் தவறிவிடாதபடி இடக்கைச் சுண்டுவிரலின் சதை கட்டுக்குள் மயிரிழை அளவு இடைவெளியைப் பிடித்துக்கொள்கிறது. முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அந்த இடைவெளி தெரியாது. பிறகு இடக்கையிலிருந்து வலக்கைக்குச் சீட்டுகள் ஒவ்வொன்றாக நகர்த்தப்படுகின்றன. தொடக்கத்தில் நிதானமாக நகர்த்துவார். பார்வையாளரின் கை கிளம்பியதும் அதன் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றுவார். கை விரைந்து வந்தால் சீட்டுகள் விரைந்து ஓடும்; கை தயங்கினால் ஓட்டமும் தயங்கும். பார்வையாளரின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மூடப்போகும் அந்த நொடியில், குறித்த சீட்டு அவற்றுக்கு நேரே வந்து நிற்க வேண்டும். மற்ற சீட்டுகளைவிட அது சற்றே கூடுதலாக வெளியே தெரியும். விரல்கள் அதன்மேல் மூடுகின்றன.

கைதேர்ந்தவர்கள் இதில் பெரும்பாலும் தவறுவதில்லை என்று தொழிலுக்குள் சொல்வார்கள். அதை அப்படியே ஏற்பதில் ஒரு சிக்கல் உண்டு. பார்வையாளர் வேறு சீட்டை எடுத்துவிட்டால், வித்தைக்காரர் முகம் மாறாமல் வேறொரு வித்தைக்குத் தாவிவிடுகிறார். அந்தச் சீட்டைத் திரும்பக் கட்டில் வைக்கச் சொல்லி, அதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் வேறு வழி அவரிடம் எப்போதும் தயாராக இருக்கும். ஒரு குறிப்பிட்ட சீட்டுதான் இலக்கு என்று முன்கூட்டி யாருக்கும் சொல்லப்படாததால், இலக்கு தவறியதும் யாருக்கும் தெரியாது. கலையாக இது மிக அழகான ஏற்பாடு. சான்றாக எடுத்துக்கொண்டால் குறையுடையது. வெற்றிகள் கைதட்டலோடு நினைவில் தங்குகின்றன, தவறியவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நூற்றாண்டுக்கு மேலாக வித்தைக்காரர்கள் சொல்லிவந்த வெற்றி அளவுகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

உளவியல் இங்கே நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். பின்னாளில் நுண்ணறிவுச் சோதனையால் புகழ்பெற்ற ஆல்ஃப்ரெட் பினே, பாரிஸில் சில வித்தைக்காரர்களைத் தன் ஆய்வகத்துக்கு அழைத்து ஆராய்ந்து 1894இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர்களில் ஒருவர், பிற்பாடு சினிமாவின் முன்னோடியான ஜார்ஜ் மெலியஸ். அமெரிக்காவில் ஜோசப் ஜாஸ்ட்ரோ 1896இலும் நார்மன் டிரிப்ளெட் 1900இலும் இதே துறையில் எழுதினர். ஆனால் அதன்பின் நூறாண்டு அளவுக்கு இந்த வழி பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது. ஃபோர்ஸைத் தனியாக எடுத்துச் சோதித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை 2010க்குப் பிறகு வந்தவை.

கிளாசிக் ஃபோர்ஸைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்க ஒன்று 2013இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. மேஜிக்கும் அறிவியலும் தெரிந்த ஆந்த்ரேஸ் ரியஸ்னிக் இடம்பெற்ற ஆய்வுக்குழு, நேரடி நிகழ்ச்சிகளிலேயே பார்வையாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டது: இந்தச் சீட்டை எவ்வளவு சுதந்திரமாகத் தேர்ந்தீர்கள் என்று மதிப்பிடுங்கள். வித்தைக்காரர் திட்டமிட்டுத் தந்த சீட்டை எடுத்தவர்களும், அவர் திட்டத்தை மீறி வேறு சீட்டை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு மதிப்பைத் தந்தார்கள். சீட்டு கையில் கொடுக்கப்பட்டது என்றே சொல்லத்தக்க கிளாசிக் ஃபோர்ஸிலும் இதே நிலைதான். தவறியவையும் கணக்கில் சேர்ந்தன என்பது இந்த ஆய்வின் சிறப்பு. கொடுத்ததை வாங்கியவருக்கும் தானே எடுத்தவருக்கும் உள்ளே கேட்கும் குரல் ஒன்றாகவே இருக்கிறது என்பது இதிலிருந்து ஓரளவு உறுதிப்படுகிறது.

கண்ணுக்கு எட்டிய ஒரே சீட்டு

இரண்டாவது விடை, கையைவிடக் கண்ணை முன்னிறுத்துகிறது. வித்தைக்காரர் கட்டைச் செங்குத்தாகப் பிடித்து, மேல் ஓரத்தை விரலால் விடுவித்து, சீட்டுகள் படபடவென்று கண்முன் ஓடும்படி செய்கிறார். "ஒரு சீட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்" என்கிறார். ஓட்டத்தின் நடுவே ஒரு சீட்டில் மட்டும் விரல் ஒரு துளி நேரம் தாமதிக்கிறது. அதுதான் இலக்கு.

ஜே ஓல்சன், ரொனால்ட் ரென்சிங்க் முதலியோர் கனடாவில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையைச் சோதித்தது. ஓல்சனே பயிற்சி பெற்ற வித்தைக்காரர். 118 பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள். 98 சதவீதம் பேர் இலக்குச் சீட்டையே தேர்ந்தார்கள். தங்கள் தேர்வில் வித்தைக்காரரின் கை இருந்ததைக் கண்டுகொண்டவர்கள் 9 சதவீதம் மட்டுமே.

இந்த எண்கள் பத்திரிகைகளுக்கு இனிப்பானவை. "மனிதத் தேர்வு ஒரு மாயை" என்ற தலைப்பு தானாக வந்துவிடும். ஆனால் இங்கே என்ன நடந்தது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். படபடவென்று ஓடும் சீட்டுகளில் பெரும்பாலானவை கண்ணுக்கு வெறும் கலங்கலாகவே தெரிகின்றன. படிக்கும்படி நின்றது ஒன்றுதான். "ஒன்றை மனத்தில் வையுங்கள்" என்று கேட்டால், படிக்க முடிந்த அந்த ஒன்றைத்தான் யாரும் சொல்ல முடியும். அப்படியானால் பார்வையாளரின் விருப்பம் திசை திருப்பப்படவில்லை, விருப்பம் செயல்பட இடமே தரப்படவில்லை. 52 சீட்டுகள் தன் முன் இருந்தன என்று அவர் நினைப்பதே இதில் உள்ள ஏமாற்று. ஒன்று மட்டுமே இருந்தது.

அதே ஆய்வின் இரண்டாம் பகுதி இந்த வாசிப்புக்கு மேலும் ஒரு செய்தி சேர்க்கிறது. கட்டும் கையும் இல்லாமல், கணினித் திரையில் சீட்டுப் படங்களை வேகமாக ஓடவிட்டு, ஒன்றை மட்டும் சற்று நீளமாகக் காட்டினார்கள். இலக்கைத் தேர்ந்தவர்களின் விகிதம் நேரடி நிகழ்ச்சியில் கிடைத்ததைவிட வெகுவாகக் குறைந்தது. திரையில் இல்லாத எதுவோ நேரில் இருந்திருக்கிறது. அது வித்தைக்காரரின் பார்வையா, குரலா, எதிரில் நிற்கும் மனிதருக்கு ஒத்துழைக்கும் இயல்பா, அல்லது காட்சி நேரத்தைப் பிடித்து வைப்பதில் திரைக்கும் விரலுக்கும் உள்ள வேறுபாடா என்பதைப் பிரித்துச் சொல்லப் போதிய ஆய்வு இல்லை.

எட்டும் தூரமும் ஒரு வாக்கியமும்

மூன்றாவது முறைக்குக் கைத்திறமையே தேவையில்லை. நான்கு சீட்டுகளை முகம் கவிழ்த்து வரிசையாக மேசையில் வைக்கிறார்கள். "ஒன்றை முன்னால் தள்ளுங்கள்" என்கிறார்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடமிருந்து மூன்றாவது சீட்டைத் தள்ளும் வாய்ப்பே அதிகம் என்று வித்தைக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியைச் சேர்ந்த அலிஸ் பேயெஸ், குஸ்தாவ் கூன் இருவரும் இதைச் சோதித்தார்கள். தற்செயலாக நடந்தால் 25 சதவீதம் பேர்தான் மூன்றாவதைத் தொட வேண்டும். தொட்டவர்கள் 52 சதவீதம்.

காரணமாக அவர்கள் முன்வைப்பது மிகச் சாதாரணமானது. வலக்கையை நீட்டினால் முதலில் எட்டுவது அந்த இடம்தான். எதையும் யோசிக்கத் தூண்டாத ஒரு வேலையில் உடல் சிரமம் குறைந்த வழியில் போகிறது. இந்த விளக்கம் சரிதானா என்று பார்க்க அவர்கள் செய்த மாற்றம்தான் ஆய்வின் மிகப் பயனுள்ள பகுதி என்று கருதுகிறேன். ஒரு பிரிவினரிடம் "ஒரு சீட்டைத் தள்ளுங்கள்" என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம் அவர்கள் ஒரு முடிவு எடுக்கிறார்கள் என்பதை வெளிப்படையாக நினைவூட்டினார்கள். நினைவூட்டப்பட்டவர்களிடம் ஃபோர்ஸின் பலம் குறைந்தது. கிளாசிக் ஃபோர்ஸ் செய்பவர்கள் சீட்டை எடுக்கச் சொல்லும்போது அதைப் பெரிய விஷயமாக்காமல், பேச்சோடு பேச்சாக நீட்டுவது ஏன் என்பதும் இதில் விளங்குகிறது. "நன்றாக யோசித்து எடுங்கள்" என்று சொன்னால் பார்வையாளரின் கை நின்றுவிடும். நின்ற கையை நேரக்கணக்கால் பிடிக்க முடியாது.

மூன்றாவதைத் தேர்ந்தவர்கள் தங்களைப் போலவே எத்தனை பேர் தேர்ந்திருப்பார்கள் என்று கேட்டபோது, உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். மற்ற சீட்டுகளைத் தேர்ந்தவர்கள் அளவுக்கே தாங்களும் சுதந்திரமாக இருந்ததாகச் சொன்னார்கள்.

இந்த முடிவுக்கு மேஜிக்குக்கு வெளியே ஒரு மூத்த உறவு இருக்கிறது. ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோத்தி வில்சனும் 1977இல் எழுதிய கட்டுரையில், பெண்களின் நைலான் காலுறைகள் நான்கு ஜோடியை வரிசையாக வைத்து எது தரமானது என்று கேட்ட சோதனையை விவரிக்கிறார்கள். நான்கும் ஒரே பொருள். இடமிருந்து வலமாக முறையே 12, 17, 31, 40 சதவீதம் பேர் தேர்ந்தார்கள். வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டபோது பெரும்பாலும் எல்லோரும் மறுத்தார்கள். இங்கே வலது ஓரம் முந்துகிறது, சீட்டில் மூன்றாம் இடம் முந்துகிறது என்ற வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒன்றில் பொருள்களை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள், மற்றதில் வெறுமனே ஒன்றைத் தொடுகிறார்கள். ‘இடம் பாதிக்கும்’ என்பது இரண்டுக்கும் பொது. எந்த இடம், எதனால் என்பது வேலைக்கு வேலை மாறுகிறது.

பேச்சில் ஒளிந்த சீட்டு

எல்லோரையும் அதிகம் வியக்கவைப்பது நான்காவது விடை. கையோ கட்டோ இல்லாமல், பேச்சாலும் சைகையாலும் ஒரு சீட்டை மனத்தில் விதைக்க முடியும் என்பது அது. இங்கிலாந்து வித்தைக்காரர் டெரன் பிரௌன் புகழ்பெறச் செய்த ஒரு முறையில் இலக்கு, டைமன் மூன்று. மனத்தில் ஒரு திரையைக் கற்பனை செய்யச் சொல்லும்போது கைகள் காற்றில் டைமன் வடிவம் வரைகின்றன. நிறம் பளிச்சென்று இருக்கட்டும் என்று சொல்லிச் சிவப்பின் பக்கம் தள்ளுகிறார். மூலையில் இருக்கும் சிறிய எண்ணைப் பார்க்கச் சொல்லி, நடுவில் உள்ள படங்களைக் காட்டுவதுபோல் விரலால் மூன்று முறை தட்டுகிறார்.

பேயெஸும் கூனும் இதைக் காணொளியாகவும் நேரிலும் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 18 சதவீதம் பேர் டைமன் மூன்றைச் சொன்னார்கள். 52இல் ஒன்று என்ற தற்செயல் கணக்கில் இது 2 சதவீதத்துக்கும் கீழே இருந்திருக்க வேண்டும். ஒரு சீட்டைச் சொல்லச் சொன்னால் மக்கள் சமமாகப் பரவிச் சொல்வதில்லை என்பது வேறு. ஓல்சன் குழுவின் 2012 ஆய்வு காட்டியபடி ஸ்பேட் ஏஸும் ஆர்ட்டின் ராணியும்தான் அதிகம் வாயில் வருகின்றன. டைமன் மூன்று அந்தச் செல்லச் சீட்டுகளில் ஒன்றல்ல. அதனால் இந்த உயர்வைப் பழக்கத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோரால் உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியவில்லை.

இருந்தாலும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, 82 சதவீதம் பேர் வேறு சீட்டைச் சொன்னார்கள். மேடையில் இதைச் செய்பவர் ஐந்தில் நான்கு முறைக்கு மேல் மாற்று வழியைத் தேட வேண்டியிருக்கும். தொலைக்காட்சியில் நாம் காண்பது வென்ற ஒரு முறையைத்தான். இரண்டு, மறைமுகத் தூண்டல்கள் நடத்தையை மாற்றும் என்று சொன்ன பல புகழ்பெற்ற உளவியல் சோதனைகள் 2010க்குப் பிறகு திரும்பச் செய்து பார்த்தபோது பலிக்கவில்லை. சீட்டு ஆய்வு அந்த வரிசையில் சேராது என்று நினைக்க ஒரு காரணம் உண்டு: இங்கே தூண்டல் மங்கலானதல்ல, வடிவம், நிறம், எண் மூன்றும் வெளிப்படையாகவே தரப்படுகின்றன. மூன்றில் எது எவ்வளவு வேலை செய்கிறது, கூச்சலும் கூட்டமும் உள்ள இடத்தில் இதே எண்ணிக்கை வருமா என்பவை வேறு கைகளால் சோதிக்கப்பட வேண்டியவை.

தேர்வு உண்மை, விளைவு பொய்

மேலே கண்ட நான்கு வகையிலும் பார்வையாளரின் தேர்வே தொடப்படுகிறது. தேர்வைத் தொடாமலே அதன் விளைவைக் கையில் வைத்துக்கொள்ளும் இன்னொரு குடும்பம் உண்டு. பேயெஸ், ரென்சிங்க், கூன் மூவரும் 2020இல் முன்வைத்த வகைப்பாடு ஃபோர்ஸ்களை இந்த அடிப்படையில்தான் இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கு முன் வந்த வகைப்பாடுகள் பெரும்பாலும் கைமுறையை வைத்துப் பிரித்தன. இது மனத்தில் எந்த இடத்தில் தவறு நேர்கிறது என்பதை வைத்துப் பிரிக்கிறது. ஆய்வுக்கு இதுவே அதிகம் உதவுகிறது.

இரண்டாம் குடும்பத்தின் மிக எளிய உறுப்பினர், குறுக்குவெட்டு முறை. இலக்குச் சீட்டு கட்டின் உச்சியில் இருக்கிறது. "எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள்" என்கிறார் வித்தைக்காரர். பார்வையாளர் மேல் பாதியை எடுத்து மேசையில் வைக்கிறார். மீதிப் பாதியை வித்தைக்காரர் எடுத்து, அதன்மேல் குறுக்காக வைக்கிறார், வெட்டிய இடத்துக்கு அடையாளம் என்று சொல்லி. பிறகு சில நொடிகள் வேறு பேச்சு: இதற்கு முன் நாம் சந்தித்ததில்லையே, யாரும் உங்களை வற்புறுத்தவில்லையே என்று. அதன்பின் குறுக்கே கிடக்கும் பாதியைத் தூக்கி, "நீங்கள் வெட்டிய சீட்டைப் பாருங்கள்" என்று கீழ்ப் பாதியின் உச்சியைக் காட்டுகிறார். அது வெட்டிய இடமே இல்லை. ஆரம்பத்திலிருந்தே கட்டின் உச்சியில் இருந்த சீட்டுதான். வெட்டிய இடத்துக்கு அடுத்து இருந்த சீட்டு, தூக்கப்பட்ட பாதியின் உச்சியில் போகிறது.

வெட்டியது உண்மையிலேயே சுதந்திரமான செயல். எங்கே வெட்டியிருந்தாலும் சீட்டு மாறியிருக்காது என்பதுதான் மறைக்கப்பட்டிருக்கிறது. தாளில் எழுதிப் படிக்கும்போது குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்போல் இருக்கும். எதிரில் நடக்கும்போது பெரும்பாலும் யாரும் கண்டுபிடிப்பதில்லை. நடுவே வரும் பேச்சுத்தான் இதன் உயிர். அந்த இடைவெளியில், எந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்ற நினைவு கரைகிறது. குறுக்காகக் கிடக்கும் வடிவம் மட்டும் ‘வெட்டிய இடம்’ என்ற பொருளோடு மிஞ்சுகிறது. பேச்சை விட்டுவிட்டு உடனே தூக்கினால் வித்தை வெளிப்பட்டுவிடும் அபாயம் அதிகம். புதிதாகக் கற்பவர்கள் பதற்றத்தில் செய்யும் தவறும் இதுவே. பேயெஸும் கூனும் குறுக்குவெட்டு முறையையும் சோதித்தார்கள்: விளைவின்மேல் எந்தப் பிடியும் இல்லாதவர்கள், பிடி இருந்ததாகவே உணர்ந்தார்கள்.

இதே குடும்பத்தில் ‘ஈக்விவோக்’ என்ற முறையும் உண்டு. இரண்டு சீட்டுகள் கிடக்கின்றன. "ஒன்றைத் தொடுங்கள்" என்கிறார். தொட்டது இலக்கானால், "சரி, இது உங்களுடையது" என்பார். தொட்டது மற்றதானால், "சரி, இதை ஒதுக்கிவிடுவோம்" என்பார். தொடுவதற்கு என்ன பொருள் என்பது தொட்ட பிறகே முடிவாகிறது. பார்வையாளர் இரண்டு கிளைகளில் ஒன்றை மட்டுமே வாழ்கிறார், மற்றதில் என்ன சொல்லப்பட்டிருக்கும் என்று ஒப்பிட அவருக்கு வழியில்லை. ஒரே ஆளிடம் இதை மறுபடி செய்யக் கூடாது என்று வித்தைக்காரர்கள் விதி வைத்திருப்பது, இந்த முறையின் பலமும் பலவீனமும் அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்ததால்.

‘நான் செய்தேன்’ என்ற உணர்வு

இந்த முடிவுகளோடு இணைத்துப் பார்க்கத்தக்க பெரிய கோட்பாடுகளில் முதன்மையானது ஹார்வர்டின் உளவியலாளர் டேனியல் வெக்னருடையது. ஒரு எண்ணம் செயலுக்குச் சற்று முன் வந்து, செயலோடு பொருந்தி, வேறு காரணமும் கண்ணில் படாவிட்டால், அந்த எண்ணம்தான் செயலைச் செய்தது என்று மனம் முடிவு கட்டுகிறது என்பது அவர் வாதம். 2002இல் வந்த அவருடைய நூல் இதை விரிவாகச் சொல்கிறது. குறுக்குவெட்டு முறை இதற்கு அச்சில் வார்த்த உதாரணம்: வெட்ட நினைத்தார், வெட்டினார், ஒரு சீட்டு வந்தது, வேறு காரணம் தெரியவில்லை.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது. இரண்டு முகப் படங்களில் பிடித்ததைக் காட்டச் சொன்னார்கள். பிறகு சீட்டு வித்தை ஒன்றைப் பயன்படுத்தி, தேர்ந்தெடுக்காத படத்தைக் கையில் கொடுத்து, ஏன் இது பிடித்தது என்று கேட்டார்கள். கண்டுபிடிக்கப்பட்ட மாற்றங்கள் ஏறக்குறைய கால்வாசி மட்டுமே. மற்றவர்கள் தாம் தேர்ந்தெடுக்காத முகத்துக்குக் காரணங்கள் அடுக்கினார்கள்.

இவற்றிலிருந்து சிலர் சுயவிருப்பமே இல்லை என்ற முடிவுக்குப் போகிறார்கள். இந்தத் தாவலுக்குப் பாலம் இல்லை என்பதே என் மதிப்பீடு. சீட்டைத் தேர்வதில் யாருக்கும் எதுவும் பணயமாக இல்லை. ஆர்ட்டின் ஏழைவிட ஸ்பேட் நான்கு மேல் என்று நினைக்க ஒருவருக்கும் காரணம் கிடையாது. காரணமே இல்லாத இடத்தில் கையின் வசதியும் கண்ணில் பட்டதும் முடிவு செய்வது வியப்பல்ல. வேலையை விடுவதா, வீட்டை விற்பதா என்ற முடிவுகளிலும் இதே அளவு பாதிப்பு இருக்கும் என்று காட்டும் சான்றாக இந்தச் சோதனைகளை எடுக்க முடியாது. இரண்டு குடும்பங்களையும் ஒரே மூட்டையில் கட்டுவதும் தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும். குறுக்குவெட்டில் ஏமாறியவரின் விருப்பத்தை யாரும் தொடவில்லை. அவர் ஏமாந்தது தன் செயலுக்கும் விளைவுக்கும் இடையிலான தொடர்பில்.

கேட்கப்பட்ட கேள்வியிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. "எவ்வளவு சுதந்திரமாகத் தேர்ந்தீர்கள்?" என்றால் சாதாரணப் பேச்சில் ‘யாராவது உங்களை வற்புறுத்தினார்களா?’ என்றுதான் பொருள் கொள்வார்கள். யாரும் வற்புறுத்தவில்லை. ஆகவே "முழுச் சுதந்திரமாக" என்ற விடை அந்தப் பொருளில் சரியானதே. தேர்வுக்கு எது காரணம் என்பது வேறு கேள்வி, அதற்கு உள்நோக்கிப் பார்த்து விடை சொல்லும் திறன் நமக்குக் குறைவு என்பதை நிஸ்பெட் காலத்திலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. மதிப்பெண் தாளில் இரண்டு கேள்விகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

இன்னும் தீராதவை

நேரில் நிற்கும் மனிதரின் பங்கு எவ்வளவு என்பது தீரவில்லை. கிளாசிக் ஃபோர்ஸில் பார்வையாளர் ஒருவேளை திணிப்பை லேசாக உணர்ந்தும், மரியாதைக்காகவோ நிகழ்ச்சி நன்றாக நடக்கட்டும் என்றோ கொடுத்ததை வாங்கிக்கொண்டு, பிறகு அதையும் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். இதை மதிப்பெண்ணால் பிடிக்க முடியாது. ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்கலைக்கழகங்களைச் சுற்றி இருப்பவர்கள். அர்ஜென்டினா ஆய்வு அரிய விதிவிலக்கு. பெரியவர் நீட்டியதை மறுக்காமல் வாங்கும் பழக்கம் வேரூன்றிய சமூகங்களில் கிளாசிக் ஃபோர்ஸ் இன்னும் எளிதாக இருக்குமா, வலமிருந்து இடமாக எழுதும் மக்களிடம் நான்கு சீட்டு வரிசையின் கணக்கு மாறுமா என்பவை சோதித்தால் விடை கிடைக்கக்கூடிய கேள்விகள்.

கையில் இருக்கும் சான்றுகளை எடைபோட்டால், குறுக்குவெட்டு போன்ற விளைவு முறைகள் பற்றிய முடிவுகளே மிக உறுதியானவை. அடுத்து நிற்பது நான்கு சீட்டு வரிசை. பேச்சுத் தூண்டல் பற்றிய முடிவு நம்பத்தக்கதாகத் தோன்றினாலும் இன்னும் ஒரு குழுவின் கைகளையே அதிகம் நம்பியிருக்கிறது. கலைக்கே அடையாளமான கிளாசிக் ஃபோர்ஸ்தான் மிகக் குறைவாக அளக்கப்பட்டிருக்கிறது. இனி அதைச் சோதிப்பவர்கள் இலக்குச் சீட்டின் பெயரைத் தொடங்கும் முன்பே எழுதி உறையிலிட்டு மூன்றாவது ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும், தவறிய ஒவ்வொரு முறையையும் வென்றவற்றோடு சேர்த்து அச்சிட வேண்டும். கைதேர்ந்த வித்தைக்காரர்களும் தங்கள் தவறுகளை எண்ணித் தர முன்வர வேண்டும்.